காலை ஏழு மணி டியூட்டியும் தூக்கம் தரும் மாத்திரையும்

மைக்ரேன் அடிக்கடி வருகிறவர்களுக்கு, வலி வந்தபின் போடும் மாத்திரையோடு, வராமல் தடுக்கத் தினமும் போடும் மாத்திரை ஒன்றையும் மருத்துவர் எழுதித் தருவார். அந்த வகையில் நீண்டகாலமாகப் புழக்கத்தில் இருப்பது அமிட்ரிப்டிலின். 1960களின் தொடக்கத்தில் மனச்சோர்வுக்கான மருந்தாகச் சந்தைக்கு வந்தது. மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட மிகக் குறைந்த அளவில், 10 அல்லது 25 மில்லிகிராமில், மைக்ரேனைத் தடுக்கவும் நரம்பு வலியைத் தணிக்கவும் இன்று பரவலாகத் தரப்படுகிறது. விலை குறைவு, பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையை மூளையில் இது தடுக்கிறது. சளி மாத்திரை சிலவற்றைப் போட்டால் தூக்கம் வருவதும் இதே காரணத்தால்தான்.

இந்த மாத்திரையைப் போடும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் பெரிய ஊர் ஒன்றில், தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் வேலை. பெரும்பாலும் நைட் டியூட்டி: இரவு ஏழரையிலிருந்து காலை ஏழரை வரை. ஆள் பற்றாக்குறையால் சமீபத்தில் டியூட்டி லிஸ்ட் மாறிவிட்டது. சில நைட் முடிந்ததும் ஒன்றிரண்டு மார்னிங் டியூட்டி விழுகிறது. மார்னிங் என்றால் காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். மாத்திரை தொடங்கிய பிறகு நைட் டியூட்டியில் அவருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. மார்னிங் டியூட்டி அன்று மட்டும் தலை கனத்து, கண் எரிந்து, யாராவது பேசினால் பதில் சொல்லவே ஒரு நொடி தாமதமாகிறது. டியூட்டியை மாற்றித் தரும்படி நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு எழுத நினைக்கிறார். என்ன எழுதுவது?

முதலில் தோன்றுவது இப்படித்தான் இருக்கும்: “உடல்நிலை காரணமாக மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கமாக வருகிறது. எனவே மார்னிங் டியூட்டி வேண்டாம்.” இந்த மூன்று வரியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் படிக்கிறவர் இடத்தில் இருந்து பாருங்கள். டியூட்டியில் தூக்கம் வருகிறது என்று ஒரு நர்ஸ் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியானால் நைட் டியூட்டியில் மட்டும் எப்படி விழித்திருப்பார் என்ற கேள்வி உடனே எழும். அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. மார்னிங் பிடிக்காததால் காரணம் சொல்கிறார் என்று எண்ணலாம். அல்லது, வார்டுக்கே ஆகாது, வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுக்கலாம். அங்கே தினமும் காலை டியூட்டி.

ஆகவே இரவில் தெளிவாக இருக்கிறவருக்கு அதிகாலையில் மட்டும் ஏன் மந்தமாகிறது என்பதை அவர் முதலில் தனக்கே விளக்கிக்கொள்ள வேண்டும்.

அமிட்ரிப்டிலின் விழுங்கியதும் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. பெரும்பாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது, சிலருக்கு எட்டு மணி நேரம்கூட. அதன்பின் மெதுவாக இறங்குகிறது. ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 10 முதல் 28 மணி நேரம் பிடிக்கும் என்று மருந்தியல் நூல்கள் சொல்கின்றன. ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் ஒரே 25 மில்லிகிராம் ஒருவருக்கு ஒன்றும் செய்யாமலும், இன்னொருவரை மறுநாள் காலை பத்து மணி வரை மந்தமாக வைத்தும் இருக்கிறது.

இப்போது நம் நர்ஸின் நாளைப் பார்ப்போம். நைட் முடிந்து ஹேண்டோவர் கொடுத்து வீட்டுக்கு வந்து, காலை ஒன்பது மணிக்கு மாத்திரை போடுகிறார். பத்து மணிக்குப் படுத்தால் மாலை ஐந்து வரை தூங்குகிறார். பகல் தூக்கம் பொதுவாக அரைகுறையாகத்தான் அமையும். இங்கே மாத்திரையே அதைச் சரியாக்கிக் கொடுத்துவிடுகிறது. மருந்தின் உச்சம் தூக்கத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. அவர் எழும் மாலை ஐந்து மணி, உடலின் உள் கடிகாரப்படி விழிப்பு கூடிய நேரம். ஏழரைக்கு வார்டில் இருக்கும்போது தெளிவாக இருக்கிறார்.

மார்னிங் டியூட்டிக்கு முந்தைய இரவு வேறு மாதிரி. மாத்திரை இரவு ஒன்பதுக்கு. வீட்டு வேலை முடிந்து படுக்கப் பத்தரை ஆகிறது. அலாரம் 4.45க்கு. மாத்திரை போட்டு எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதோடு, யாருக்குமே உடல் வெப்பம் மிகக் குறைந்து, விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அதிகாலை நான்கு, ஐந்து மணி. மருந்து எடுக்காதவருக்கே அந்த நேரத்தில் எழுந்தால் மந்தம் விலகச் சிறிது நேரம் ஆகும். இவருக்கு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மணிக்கணக்கில் பார்த்தால், மாத்திரைக்கும் டியூட்டிக்கும் உள்ள இடைவெளி இரண்டு டியூட்டியிலும் ஏறக்குறைய பத்து மணி நேரம்தான். வேறுபாடு, எந்த நேரத்தில் எழுகிறார், எவ்வளவு தூங்கினார் என்பதில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அது டியூட்டி மாறும் நாளில் வருகிறது. டியூட்டி லிஸ்ட் போடுகிறவர்கள் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. வியாழன் காலை நைட் முடிகிறது. ஒன்பதுக்கு மாத்திரை போட்டுத் தூங்குகிறார். வெள்ளி காலை ஏழுக்கு மார்னிங். அடுத்த மாத்திரையை எப்போது போடுவது? வியாழன் இரவே போட்டால், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு மாத்திரை உடம்பில் சேர்ந்து, வெள்ளிக் காலை மந்தம் இன்னும் கூடும். இருபத்துநான்கு மணி நேர இடைவெளி வேண்டுமென்றால் வெள்ளி காலை ஒன்பதுக்கு, வார்டில் நின்றுகொண்டு போட வேண்டும். அதை யோசிக்கவே கூடாது. வெள்ளி இரவு வரை தள்ளினால் முப்பத்தாறு மணி நேர இடைவெளி. எப்போதோ ஒருமுறை என்றால் மருத்துவர் ஒரு வழி சொல்வார். வாரந்தோறும் இப்படி என்றால் மாத்திரை வேலை செய்கிறதா என்பதையே அவரால் கண்டுபிடிக்க முடியாது. தினமும் ஒரே நேரத்தில் போட்டு வந்தாலே தலைவலி குறைவது தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும் மருந்து இது.

பலரும் இந்த இடத்தில் தாங்களாகவே ஒரு வழி செய்துகொள்கிறார்கள்: மார்னிங் டியூட்டிக்கு முந்தைய இரவு மாத்திரையை விட்டுவிடுவது. ரத்தத்தில் நின்று மெதுவாக இறங்கும் மருந்து என்பதால், ஒரு வேளை விட்டால் மறுநாள் மந்தம் முழுதாகப் போய்விடுவதில்லை. தலைவலித் தடுப்பு மட்டும் தளர்கிறது. சில மாதம் தொடர்ந்து எடுத்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி, குமட்டல், தூக்கக் கேடு வரலாம். ஆகவே நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான். இன்னொரு வழி, உடன் வேலை பார்க்கும் சிஸ்டரிடம் வாய்மொழியாக டியூட்டி மாற்றிக்கொள்வது. மாதம் ஒன்றிரண்டு முறை அது நடக்கும். பிறகு அந்த சிஸ்டருக்கும் வீடு இருக்கிறது. மேலும், அப்படி மாற்றிக்கொண்ட நாளில் வார்டில் ஏதாவது ஆகிவிட்டால், லிஸ்ட்டில் யார் பெயர் இருந்தது, ஏன் மாறியது என்ற கேள்விக்கு இருவரிடமும் தாளில் பதில் இருக்காது. எழுதிக் கேட்பதுதான் இருவரையும் காப்பாற்றும்.

காலை ஏழு மணிக்கு மந்தமாக இருப்பதில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்கலாம். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். நைட் சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாக ஹேண்டோவர் சொல்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் இரண்டு அடர்த்தியில் கிடைக்கின்றன: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்து என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நோயாளி வியர்த்து, குழறி, மயங்கிய பிறகுதான் தவறு தெரியவரும். தெளிந்த கண்ணுக்கு இது ஒரு நொடி வேலை. மந்தமாக இருக்கும்போது கை பழக்கத்தில் எடுத்துவிடும். அந்த ஒரு நொடிச் சரிபார்ப்புதான் விட்டுப்போகும்.

அதற்கு முன்பே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆறு மணி இருட்டில் ஸ்கூட்டியில் வருகிற வழி. கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் குறிப்பிடுவதே இல்லை. நான் இதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பேன். பிறரைக் காப்பாற்றும் வேலைக்கு வருகிற பெண் தன் உயிரையும் கணக்கில் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் ஒரு சிறு வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் நான்கு விஷயம் மட்டும் குறித்து வைப்பது: மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், தலை தெளிந்த நேரம். ஆஃப் நாளையும் குறிக்க வேண்டும்; உண்மையில் அந்த நாள்தான் விடை சொல்லும். அதே இரவு ஒன்பது மணி மாத்திரை, அலாரம் இல்லாமல் காலை ஏழரைக்கு எழுந்தால் எட்டு மணிக்குத் தெளிவு என்று வந்தால், பிரச்சினை எழும் நேரத்தில். ஆஃப் நாளிலும் மதியம் வரை மந்தம் என்று வந்தால் டியூட்டி மாற்றிப் பயனில்லை. அளவு கூடுதலாக இருக்கலாம், அல்லது தும்மலுக்காகத் தானே போட்டுக்கொண்ட வேறொரு மாத்திரை இதோடு சேர்ந்து தூக்கத்தைக் கூட்டுவதாக இருக்கலாம். அப்போது போக வேண்டிய இடம் மருத்துவரின் அறை.

நம் நர்ஸின் நோட்டு முதல் வகையில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய நர்சிங் சூப்பரிண்டெண்ட் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நான் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக, பெரும்பாலும் நைட் டியூட்டியில் பணிபுரிகிறேன். மருத்துவர் ஆலோசனைப்படி மூன்று வாரமாக ஒரு மருந்து எடுத்து வருகிறேன். அது தூக்கம் தரும் தன்மை உள்ளது. போதிய நேரம் தூங்கி எழுந்தால் தெளிவாக இருக்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்கு முன் எழ நேர்ந்தால் ஏறக்குறைய எட்டு மணி வரை மந்தம் இருக்கிறது.

நைட் டியூட்டியிலும் மதிய டியூட்டியிலும் இந்தச் சிரமம் இல்லை. நைட் டியூட்டிக்கு மாலை ஐந்து மணிக்கு எழுகிறேன். இம்மாதம் பார்த்த மார்னிங் டியூட்டிகளில் இரண்டு நாள் மந்தம் இருந்ததால், இன்சுலின் போடுவதை உடன் இருந்த சிஸ்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். நோயாளிகள் யாருக்கும் பாதிப்பு இல்லை. இரண்டு வாரக் குறிப்பை இணைத்துள்ளேன்.

எட்டு வாரத்துக்கு எனக்கு மார்னிங் டியூட்டி இல்லாமல், நைட் அல்லது மதிய டியூட்டி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். டியூட்டி வகை வாரம் ஒருமுறை மாறாமல் இரண்டு வாரமாவது தொடர்ந்து இருந்தால், மருந்து நேரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியும். நைட் முடிந்து வேறு டியூட்டி தொடங்கும் முன் இரண்டு நாள் இடைவெளி வேண்டும். இதனால் வரும் சிரமத்தை ஈடுசெய்ய, ஞாயிற்றுக்கிழமை மதிய டியூட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டியூட்டி பார்க்கத் தகுதியாக இருப்பதாகவும், அதிகாலை டியூட்டியை மட்டும் தவிர்க்க வேண்டும் என்றும் மருத்துவர் தந்த சான்று இணைப்பில் உள்ளது. மருந்து விவரத்தை நம் ஊழியர் மருத்துவரிடம் தெரிவித்துள்ளேன். எட்டு வாரம் முடிந்ததும் நிலைமையைத் தங்களிடம் தெரிவிப்பேன்.”

இந்தக் கடிதத்தில் மருந்தின் பெயர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேறு அலுவலகமாக இருந்தால் பெயரைப் படித்தாலும் பலருக்கு ஒன்றும் புரியாது. இது நர்ஸ்கள் இருக்கும் இடம். அமிட்ரிப்டிலின் என்ற பெயரைப் பார்த்ததும் மனச்சோர்வு மருந்து என்று எல்லோருக்கும் தெரியும். மைக்ரேனுக்காக என்று யாரும் கேட்கப்போவதில்லை. டியூட்டி ரூமில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அதை எந்தச் சான்றாலும் அடக்க முடியாது. மனச்சோர்வு வெட்கப்பட வேண்டிய நோய் அல்ல; என்றாலும் தன் உடம்பின் விவரம் யார் கைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தப் பெண்ணின் உரிமை. டியூட்டி போடுகிறவருக்கு வேண்டியது மருந்து என்ன செய்கிறது என்ற தகவல். மருந்தின் பெயர் மருத்துவரிடம் இருந்தால் போதும்.

இன்சுலின் விஷயத்தை எழுதியது சரியா என்று சிலர் தயங்கலாம். சரி என்றே நினைக்கிறேன். ஆபத்து இருந்தது, அதைத் தானே உணர்ந்தார், வேலையைக் கைமாற்றினார் என்று மூன்றையும் அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. அதை மறைத்துவிட்டு வெறுமனே மந்தம் என்று எழுதினால் கோரிக்கைக்கு வலு இல்லை. மிகைப்படுத்தி எழுதினால் வார்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

சூப்பரிண்டெண்ட் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. காலையில்தான் வார்டில் வேலை அதிகம். மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வருவது, ஸ்கேனுக்கு அனுப்புவது, டிஸ்சார்ஜ் எல்லாம் அப்போதுதான். ஒருவரை மார்னிங்கிலிருந்து எடுத்தால் அந்த இடத்தை இன்னொருவர் நிரப்ப வேண்டும். காலவரையறை இல்லாத கோரிக்கைக்கு அவர் சம்மதித்தால் நாளை நான்கு பேர் வந்து நிற்பார்கள். எட்டு வாரம் என்ற வரையறையும் ஞாயிறு மதிய டியூட்டியை ஏற்பதும் கடிதத்தில் இருப்பது அதனால்தான். அவர் கூப்பிட்டு இப்படிக் கேட்கலாம்: “ஏம்மா, ஒன்பது மணிக்குப் போடுற மாத்திரைய ஏழரைக்கே போட்டுட்டா காலையில தெளிஞ்சிடுமே?” நல்ல கேள்விதான். காலை மந்தம் இருந்தால் மாத்திரையைச் சற்று முன்னதாகப் போடச் சொல்வது மருத்துவர்களும் தரும் ஆலோசனை. “டாக்டர்கிட்ட கேட்டு ஒரு வாரம் அப்படியும் பாத்தேன் மேடம். அரை மணி நேரம் முன்னாடி தெளியுது, அவ்வளவுதான். நோட்டுல குறிச்சிருக்கேன்” என்று சொல்ல முடிந்தால் பேச்சு வேறு திசைக்குப் போகும். முயன்று பார்க்காமல் போனால் அங்கேயே நின்றுவிடும்.

சட்டம் இதில் எவ்வளவு துணை நிற்கும்? நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மைக்ரேன் அதில் இல்லை. ஆகவே இங்கே இந்தக் கடிதம் நிற்பது மருத்துவரின் சான்றிலும் நோயாளிப் பாதுகாப்பு என்ற காரணத்திலும்தான். பிரிட்டனுக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் நர்ஸ்களின் நிலை வேறு. அங்கே சமத்துவச் சட்டம், 2010இன்படி, அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்கும் உடல்நிலை பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ நீடித்தாலோ, நீடிக்கக்கூடும் என்றாலோ, வேலையில் நியாயமான மாற்றம் செய்து தரும் கடமை முதலாளிக்கு உண்டு. கடுமையான மைக்ரேன் அதற்குள் வரக்கூடும். ஊழியர் நல மருத்துவப் பிரிவு வழியாகவே கோரிக்கை போகும்.

எட்டு வாரம் என்பது சும்மா சொன்ன எண் அல்ல. இந்த மாத்திரை தரும் தூக்கம் பலருக்கு முதல் இரண்டு வாரத்தில் ஓரளவு பழகிவிடும். அளவைக் கூட்டினால் மீண்டும் சில நாள் தலைகாட்டும். தலைவலி குறைகிறதா என்று தெரியவும் அதே எட்டு வாரம் வேண்டும். அதற்குள் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். மந்தம் போயிருந்தால், ஒரு மார்னிங் டியூட்டியைச் சோதனையாகப் பார்த்துவிட்டு, ஏற்பாட்டை முடித்துக்கொள்ளலாம் என்று அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த முறை கேட்கும்போது அந்தக் கடிதம் அவருக்காகப் பேசும். தலைவலி குறைந்து, மந்தம் மட்டும் மிஞ்சியிருந்தால், குறைந்த அளவில் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டு, நீட்டிப்புக்கு எழுதலாம். தலைவலியும் குறையவில்லை, மந்தமும் போகவில்லை என்றால் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். ப்ரொப்ரனலால் அவ்வளவாகத் தூக்கம் தராது, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. டொபிரமேட் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது; கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்குத் தரும் முன் மருத்துவர் அதைப் பேசியாக வேண்டும். ஃப்ளுனரிசினும் தூக்கம் தரும் மருந்துதான். மருந்து மாறினால் பழைய நோட்டு செல்லாது. அந்த நான்கு விஷயங்களையும் புதிதாகக் குறித்து, டியூட்டி ஏற்பாடு இன்னும் தேவையா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கடிதம்.